பிறப்புச் சான்றில் ஒரு பெயர், மெட்ரிக் சான்றில் வேறு பெயர்: விசாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பது?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. லண்டனில் ஃபவுண்டேஷன் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பிறப்புச் சான்று, மெட்ரிக் பாஸான சான்று இரண்டும் பர்மியத்தில்தான் இருக்கின்றன. பிறப்புச் சான்றில் அவன் பெயர் சரவணன், என் பெயர் ராமசாமி. பள்ளிக்கூடத்தில் அவன் ஸோ மின், அப்பா பெயர் மியிண் அவுங். பாஸ்போர்ட்டிலும் ஸோ மின்தான். மொழிபெயர்க்கும்போதே எல்லாவற்றையும் ஒரே பெயராக மாற்றித் தருகிறேன், நோட்டரி முத்திரையும் போட்டுவிடலாம் என்கிறார் ஒருவர். அது போதுமா? (யாங்கோன் வாசகர்)

பதில்: போதாது. பெயரை மாற்றித் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்கவும் வேண்டாம். மூலத்தில் சரவணன் என்று இருக்கும்போது மொழிபெயர்ப்பில் ஸோ மின் என்று வந்தால், அது பொய்யான ஆவணம். பர்மியம் தெரிந்த ஒருவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விசா கிடைக்காமல் போவதோடு முடியாது. ஏமாற்ற முயன்றதாகப் பதிவானால் பையன் அடுத்து போடும் விண்ணப்பங்களையும் அது பாதிக்கும். இரண்டு பெயர் இருப்பது குற்றமில்லை. பர்மாவில் நம் வீடுகளில் அது வழக்கம்தான். அந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்புக்குள் மறைக்காமல், வெளியே தனித் தாளில் விளக்குங்கள்.

முதலில் முத்திரை விஷயம். பிரிட்டிஷ் விசாவுக்கு நோட்டரி முத்திரை கட்டாயமில்லை. அவர்கள் கேட்பது முழுமையான மொழிபெயர்ப்பு, அதைத் தனியாகச் சரிபார்க்க ஒரு வழி. அதற்கு மொழிபெயர்ப்பாளரே நான்கு விஷயங்களைத் தர வேண்டும்: மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, முழுப் பெயரும் கையெழுத்தும், தொடர்பு விவரம். பன்சோடான் பக்கத்துக் கடைகளில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், யார் மொழிபெயர்த்தார் என்றே இருக்காது. கீழே நோட்டரியின் சிவப்பு முத்திரை மட்டும் இருக்கும். அந்த முத்திரை நகல் மூலத்தோடு ஒத்துப்போகிறது என்றோ, தன் முன்னால் கையெழுத்து போடப்பட்டது என்றோ மட்டும் சொல்வதாக இருக்கலாம். ஆங்கிலம் சரியா என்பதற்கு அது பொறுப்பேற்காது. முத்திரை கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆவணத்தின் மொழிபெயர்ப்புக்கும் கீழே இந்த வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்:

```
I certify that this is a complete and accurate
translation of the original Burmese document.
Name:
Signature:
Date:
Address, phone, email:
```

தொலைபேசியும் மின்னஞ்சலும் உண்மையில் வேலை செய்பவையாக இருக்கட்டும். நீங்களோ உறவினரோ மொழிபெயர்க்க வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரிந்தாலும், விண்ணப்பதாரரின் அப்பா கையெழுத்துப் போட்ட மொழிபெயர்ப்பைத் தனியாகச் சரிபார்த்தது என்று யாரும் ஏற்கமாட்டார்கள். கனடாவோ குடும்பத்தார் மொழிபெயர்ப்பதை வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு, அந்நாட்டுக்கு வெளியே இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தன் தகுதி, அனுபவத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ஆகவே ஒரு நாட்டுக்குச் செய்ததை வேறு நாட்டுக்கு அப்படியே போடாதீர்கள்.

இனி பெயர்கள். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தமிழ்ப் பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதி, அதை மறுபடி காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினால் ஆளே மாறிவிடுவார். பர்மியத்தில் 'ர' எழுத்தைப் பெரும்பாலும் 'ய' என்று வாசிப்பார்கள். 'ஸ'வுக்குரிய பழைய எழுத்தைத் 'த' போல உச்சரிப்பார்கள். அதனால் ராமசாமி YAMATHAMI ஆகிவிடுவார். சரஸ்வதி என்ற அம்மா பெயருக்கு இன்னொரு சிக்கல்: பர்மியர்களுக்கு அந்தத் தெய்வத்தின் பெயரே துரததி என்று வழங்குவதால், மொழிபெயர்ப்பவர் தெரிந்த சொல் என்று நினைத்து THURATHADI என்று எழுதிவிடுவார். அவர் செய்தது தவறென்றும் சொல்ல முடியாது. நீங்கள்தான் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தர வேண்டும். பாஸ்போர்ட் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. இல்லாதவர்களுக்கு விசா படிவத்தில் எப்படி எழுதப் போகிறீர்களோ அப்படி. ஒரு தாளில் எல்லாப் பெயரையும் ஊரையும் பெரிய எழுத்தில் எழுதி வேலையோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரே ஒலியை ஒரே மாதிரி எழுதச் சொல்லும் தாள்தான் அது. சரவணனை ஸோ மின் ஆக்கும் தாளாக அது இருக்கக் கூடாது.

மவுங், கோ, ஊ, மா, டோ ஆகியவை மரியாதை முன்னொட்டுகள். மூலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பிலும் வரட்டும்; ஆனால் படிவத்தில் பெயராக நிரப்ப வேண்டாம். மவுங் சிலருக்குப் பெயரின் பாகமாகவே இருக்கும். அதைப் பாஸ்போர்ட்டில் பார்த்து முடிவு செய்யுங்கள். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அதனால் ஸோ மின் என்பதில் மின்னைக் குடும்பப் பெயராக மொழிபெயர்ப்பாளர் பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். பையனுக்கு 18 ஆகாததால், பெற்றோர் யார் என்று காட்டப் பிறப்புச் சான்று தேவை. உங்கள் சம்மதக் கடிதமும் தேவை. சான்று சரவணனின் அப்பா ராமசாமி என்கிறது. விண்ணப்பிப்பவர் ஸோ மின். சம்மதம் தருபவர் மியிண் அவுங். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். பெயர் மாறினாலும் மாறாதது உங்கள் என்.ஆர்.சி. எண். பிறப்புச் சான்றில் அப்பாவின் என்.ஆர்.சி. எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே எண் குடும்பப் பட்டியலில் எந்தப் பெயரோடு இருக்கிறது என்று அடுத்து பாருங்கள். சில பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு 'க' எழுத்து போட்டு இரண்டாம் பெயரையும் எழுதியிருப்பார்கள். 'என்றும் அழைக்கப்படுபவர்' என்று பொருள். ஆங்கிலத்தில் அதை also known as என்றே எழுதச் சொல்லுங்கள். இங்கே @ குறி போடும் பழக்கம் உண்டு. வெளிநாட்டில் பார்ப்பவருக்கு அது புரியாது.

பட்டியலில் இரண்டு பெயரும் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது: குடும்பப் பட்டியலையும் மொழிபெயர்த்துச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் டவுன்ஷிப் லவக அலுவலகத்தில், இரண்டாம் பெயரைப் பதிவில் காட்ட வழி உண்டா என்று விசாரியுங்கள். அதோடு, நோட்டரி முன்னால் ஒரு சத்தியப் பத்திரம் எழுதுங்கள். நோட்டரி உண்மையில் பயன்படும் இடம் இதுதான். அதில் நீங்கள் சொல்ல வேண்டியது: இன்ன எண்ணுள்ள என்.ஆர்.சி. வைத்திருக்கும் நான் ராமசாமி என்றும் மியிண் அவுங் என்றும் அழைக்கப்படுபவன். பிறப்புச் சான்றில் முதல் பெயரும் மெட்ரிக் சான்றில் இரண்டாம் பெயரும் உள்ளன. சரவணன், ஸோ மின் என்ற இரண்டு பெயரும் என் மகன் ஒருவனையே குறிக்கும், அவன் பிறந்த தேதி இது, பாஸ்போர்ட் எண் இது. எந்தப் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடாத பத்திரம் பயன்படாது. 'எல்லாப் பெயரும் நானே' என்ற ஒற்றை வரி யாரையும் நம்பவைக்காது.

தேதிகளையும் ஒருமுறை சரிபாருங்கள். சில தாள்களில் பர்மிய ஆண்டும் இருக்கும். எல்லோரும் 638 கூட்டுவார்கள். திங்யான் முடிந்து ஏப்ரல் நடுவிலிருந்து டிசம்பர் வரை அது சரி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை 639 கூட்ட வேண்டும். 1370 பியாதோ மாதத்தில், ஜனவரி நடுவில், பிறந்த குழந்தைக்கு 638 கூட்டினால் 2008 வரும். உண்மையில் அது 2009. ஒரு வருடம் கூடிவிட்டால், 17 வயதுப் பையன் காகிதத்தில் 18 ஆகி, உங்கள் சம்மதக் கடிதத்துக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். கையெழுத்தில் பர்மிய 6-ம் 9-ம் ஒன்றையொன்று திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். பதிவு எண், அடையாள எண் இரண்டையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

மெட்ரிக் சான்றுக்கு ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய மொழிபெயர்ப்பை மாதிரியாக வைத்து டைப் செய்வார்கள். அதில் 10th Standard என்று இருக்கும். லண்டனில் அதைப் பார்ப்பவர் 15, 16 வயதில் எழுதும் தேர்வு என்று நினைப்பார். உங்கள் தாளில் தேர்வின் பெயர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு என்று இருந்தால் University Entrance Examination என்றே வரட்டும். மறுபக்கம், பையனை உயர்த்திக் காட்ட A Level என்று எழுதுவதும் தவறு. எந்தப் படிப்புக்கு எது சமம் என்பதைப் பல்கலைக்கழகமும், வெளிநாட்டுப் படிப்புகளை ஒப்பிடும் யுகே எனிக் அமைப்பும் பார்த்துக்கொள்ளும். தேர்வுத் துறையிடமிருந்து ஆங்கில மதிப்பெண் பட்டியல் வாங்க முடிந்தால், அந்தத் தாளை மொழிபெயர்க்கவே தேவையில்லை.

முழுமை என்றால் முத்திரையும் சேர்த்துத்தான். வட்ட முத்திரையில் உள்ள எழுத்து, கையெழுத்திட்டவரின் பதவி, வரிசை எண், பின்பக்கம் உள்ளது எல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். கறை பட்டு அழிந்த இடத்தை ஊகித்து நிரப்பாமல் illegible என்று சதுர அடைப்புக்குள் எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன் பதிவான சான்றில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், ஆங்கிலத்திலும் காலி என்றே காட்டட்டும். மூலத்தில் பிழை இருந்தால் அதையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டு, கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக ஒரு வரி சேர்க்கலாம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: குடும்பப் பட்டியலைப் பார்த்தல், சத்தியப் பத்திரம், எழுத்துக்கூட்டல் தாள், பிறகு மொழிபெயர்ப்பு. கையெழுத்து வாங்கும் முன் வரைவைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டும் இடம் உறுதி என்று பல்கலைக்கழகம் அனுப்பிய சி.ஏ.எஸ். விவரமும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து படியுங்கள். கையெழுத்தான பிறகு பேனாவால் திருத்திய தாளைக் கொடுக்காதீர்கள். புதிதாக அச்சிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போது மூலத்தைக் கலரில் எடுத்து, அதன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து ஒரே பி.டி.எஃப்-ஆக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றின் கோப்பிலேயே சத்தியப் பத்திரத்தையும் சேருங்கள்; தனியாக ஏற்றினால், அதைப் பார்ப்பதற்கு முன்பே பெயர் வேறுபாடு அதிகாரியின் கண்ணில் பட்டுவிடும்.