பெறுநர் பெயரும் கடைசி வரியும்

“புதிய வாடிக்கையாளருக்கு முதன்முதலாக எழுதும் மின்னஞ்சல் இது. அனுப்புவதற்கு முன் பிழை பார்த்துச் சொல்வீர்களா?”

உங்கள் மடலின் தொடக்கத்தில் ‘வணக்கம் குமரன்’, மூன்றாம் பத்தியில் ‘உங்களுக்கு உதவ முடியும், செந்தில்’. பழைய மடலை நகலெடுத்த தடம் அப்படியே தெரிகிறது. எழுத்துப்பிழை திருத்தும் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டுமே சரியான பெயர்கள்தாமே! கண்ணை நம்பாமல், பழைய பெயரையும் பழைய நிறுவனத்தின் பெயரையும் Ctrl+F மூலம் தேடுங்கள். தலைப்பு வரியும் இணைப்புக் கோப்பின் பெயரும் அதில் சிக்காமல் போகலாம். அவற்றைத் தனியே பாருங்கள்.

‘இணைந்து பயணிக்க ஆவல்’ என்று முடித்திருக்கிறீர்கள். படிப்பவர் என்னதான் செய்ய வேண்டும்? இப்படி மாற்றுங்கள்: ‘உங்கள் இணையதள முகப்பில் நான் மாற்ற நினைப்பவற்றைக் காட்ட 15 நிமிடம் போதும். வியாழன் காலை 11 மணிக்குப் பேசலாமா?’ இதற்கு ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். ‘விலைப்பட்டியலையும் பாருங்கள்’ என்ற வரியை நீக்கிவிடுங்கள். அது இரண்டாவது கோரிக்கை.