புத்தக வெளியீட்டுப் பதிவில் எதை முதலில் எழுத வேண்டும்?

*"என் முதல் நாவலை நானே பதிப்பித்திருக்கிறேன். அடுத்த மாதம் வருகிறது. இன்ஸ்டாகிராமில் போடும் அறிவிப்பில் நாவலிலிருந்து ஒரு பகுதி, வாங்கும் லிங்க், கையெழுத்திடும் நிகழ்ச்சி விவரம் மூன்றும் வரவேண்டும். எப்படி எழுதுவது?"*

நாவல் பகுதியை முதலில் வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு சொல்லும் வேண்டாம், வணக்கம்கூட.

என் முதல் புத்தகத்துக்கு நான் எழுதிய பதிவு "அன்பு நண்பர்களே, என் நீண்ட நாள் கனவு இன்று நனவாகியிருக்கிறது" என்றுதான் தொடங்கியது. உண்மையான சந்தோஷத்தில் எழுதியது. ஆனால் இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மற்றதெல்லாம் தட்டினால்தான் விரியும். அந்த இரண்டு வரியை நான் என் கனவுக்குக் கொடுத்துவிட்டேன், கதைக்குக் கொடுக்கவில்லை. நிறைய பேர் வாழ்த்துச் சொன்னார்கள், புத்தகம் எதைப் பற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எந்தப் பகுதியை எடுப்பது என்பதில்தான் நேரம் செலவழியுங்கள். நமக்கு மிகவும் பிடித்த இடத்தை எடுக்கத்தான் கை போகும், அது பெரும்பாலும் கதையின் உச்சமாக இருக்கும். முந்நூறு பக்கம் படித்து வந்தவருக்கு அங்கே தொண்டை அடைக்கும், புதிதாக வருபவருக்கு அது யாரோ ஒருவர் அழுகிற காட்சி, அவ்வளவுதான். நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நாவலைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் அந்தப் பத்தியை மட்டும் படிக்கக் கொடுங்கள். "யார் இவர்?" என்று கேட்டால் வேறு பத்தி தேடுங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் அதுதான் உங்கள் பத்தி. ஐம்பது அறுபது சொல் போதும். புதிதாக இருவருக்கு மேல் பெயர் வரக்கூடாது, பதில் தெரியும் வரிக்கு முன்பே வெட்டிவிட வேண்டும்.

பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். நாவலில் ஒரே பத்தியாக இருப்பதைக் கைப்பேசியில் படிக்க இரண்டு மூன்றாக உடையுங்கள். சொல்லை மட்டும் மாற்றாதீர்கள், வாங்கிப் படிப்பவருக்கு அதே வரிகள்தான் கிடைக்க வேண்டும்.

என் இரண்டாவது புத்தகத்துக்குப் போட்டதைக் கீழே தருகிறேன். புத்தகப் பெயரையும் அரங்கின் பெயரையும் எடுத்திருக்கிறேன்.

> அப்பா இறந்த பதினேழாம் நாள் அவர் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: உங்கள் துணி தைத்துத் தயாராக இருக்கிறது.
>
> அப்பா துணி தைக்கக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. ரெடிமேட் சட்டைதான் போடுவார்.
>
> தையல்காரர் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தேன். ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை போடுகிற கவுன். எங்கள் வீட்டில் பெண் குழந்தை கிடையாது.
>
> — என் புதிய நாவலிலிருந்து. இன்று வெளியாகிறது.
>
> அச்சுப் புத்தகம், மின்னூல் இரண்டுக்கும் லிங்க் என் முகப்பில், முதலாவதாக இருக்கிறது.
>
> மார்ச் 14, சனிக்கிழமை, மாலை 5 முதல் 7 வரை நூலகத்தின் முதல் மாடி அரங்கில் கையெழுத்திட்டுத் தருகிறேன். அனுமதி இலவசம், முன்பதிவு தேவையில்லை. புத்தகம் அங்கேயும் கிடைக்கும், ஏற்கெனவே வாங்கியவர்கள் கொண்டுவரலாம். யார் பெயருக்குக் கையெழுத்து வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள்.

முதல் வாக்கியம் கைப்பேசியில் "செய்தி வந்தது" என்ற இடத்தில் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, இறந்தவருக்கு என்ன செய்தி என்று தட்டத் தோன்றும். உங்கள் வாக்கியத்தையும் இப்படி நடுவில் வெட்டிப் பாருங்கள். மொத்தக் கேப்ஷனுக்கு 2,200 கேரக்டர் இடம் உண்டு, ஆனால் தமிழில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். "புத்தகம்" என்பதில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினியின் யூனிகோடு கணக்கில் எட்டு, ஏனென்றால் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் நீளமான நன்றிப் பட்டியலை இன்னொரு நாள் தனிப் பதிவாகப் போடுங்கள், அவர்களுக்கும் அதுதான் மரியாதை.

லிங்க் விஷயத்துக்கு வருவோம். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் முகவரியை ஒட்டினால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தட்டினால் திறக்காது. அதனால்தான் முகப்பைக் காட்டுகிறோம். முகப்பில் 5 லிங்க் வரை வைக்கலாம், இதை மேலே கொண்டுவந்துவிடுங்கள். ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் ஒட்டினால் நேராகத் திறக்கும். அதே அறிவிப்பை ஃபேஸ்புக்கிலோ வாட்ஸாப்பிலோ போடும்போது முகவரியையே எழுதலாம், அங்கே "லிங்க் முகப்பில்" என்ற வரியை மாற்ற மறக்காதீர்கள். அமேசானில் தேடிப்போய் நகலெடுத்த முகவரி நான்கு வரிக்கு நீளும். நடுவிலும் வாலிலும் இருக்கும் தேடல் குறிப்புகளை வெட்டிவிட்டு இவ்வளவு வைத்தால் போதும்:

```
https://www.amazon.com/dp/ASIN
```

கடைசிச் சொல் இருக்கும் இடத்தில் உங்கள் புத்தகத்தின் பத்து எழுத்துக் குறியீடு வரும். அச்சுப் புத்தகத்துக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. வாசகர் எந்த நாட்டிலிருந்து வாங்குகிறாரோ அந்த நாட்டுக் கடையின் முகவரியைக் கொடுங்கள். பதிவு போடும் முன் எந்தக் கணக்கிலும் நுழையாத பிரவுசரில் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் கணக்குக்குள்ளிருந்து நகலெடுத்த பக்கம் உங்களுக்கு மட்டும் அழகாகத் திறக்கும், மற்றவர்களிடம் பாஸ்வேர்டு கேட்கும்.

மின்னூலை 90 நாள் அமேசானில் மட்டும் விற்கச் சம்மதிக்கும் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த 90 நாள் காலத்தில் மின்னூலின் 10 சதவீதம் வரைதான் வேறு இடத்தில் மாதிரியாக வெளியிடலாம். ஒரு பத்தியால் ஒன்றும் ஆகாது, ஆனால் தினம் ஒரு பகுதி என்று போடத் தொடங்கினால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி வரிகள் என் மாதிரியில் நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் தடவை தேதி, நேரம், இடம் மட்டும் எழுதினேன். ஏற்கெனவே வாங்கிவிட்டேன், வரலாமா என்று ஒருவர் கேட்டார். அங்கே புத்தகம் விற்குமா, ஏழு மணிக்கு வந்தால் இருப்பீர்களா என்று மற்றவர்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டேன், கேட்காமல் தயங்கி வராமல் போனவர்களை நினைத்துத்தான் வருத்தம். வாங்கிய பிரதியைக் கொண்டுவரலாம் என்று எழுதும் முன் இடம் கொடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள். புத்தகக் கடையாக இருந்தால், தங்களிடம் வாங்கியதில்தான் கையெழுத்து என்று விரும்பலாம்.

துண்டுச் சீட்டு வரியும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒரு அம்மா தன் மகளுக்காக வாங்கினார். சரண்யா என்று எழுதிக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு மெதுவாக, "நாங்க ரெண்டு சுழி ன போடுவோம்" என்றார். மை காயவில்லை. அவர் பரவாயில்லை என்று சொல்லியும் வேறு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியாகப் படம். தேதியையும் இடத்தையும் அட்டைப்படத்தின் மேல் எழுதிவிடாதீர்கள். கேப்ஷனைப் பிறகு திருத்தலாம், இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தை மாற்ற முடியாது. எனக்கு அரங்கு கடைசி வாரத்தில் மாறியது, படத்தில் பழைய இடம் அப்படியே நின்றது. இப்போதெல்லாம் அட்டைப்படத்தைத் தனியாக வைத்து, நிகழ்ச்சிக்கு ஸ்டோரியில் வேறொரு படம் போடுகிறேன். நிகழ்ச்சி முடிந்த இரவே கேப்ஷனைத் திறந்து அந்தப் பத்தியை மட்டும் நீக்கிவிடுங்கள். நாவல் பகுதியும் லிங்க் வரியும் அப்படியே இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து உங்கள் பக்கத்துக்கு வருபவர் அதைத்தான் படிப்பார்.