பொட்டாசியத்துக்கு 2, 8, 9 ஏன் தப்பு?

“மகன் கிரேட் 10 படிக்கிறான். டியூஷனில் வாங்கச் சொன்ன அட்டையில் முதல் இருபது தனிமங்களுக்கும் அணு எண், எலக்ட்ரான் அமைப்பு, வேலன்சி எல்லாம் இருக்கிறது. மூன்றாவது ஷெல்லில் 18 பிடிக்கும் என்றும் மேலே போட்டிருக்கிறது. அதை நம்பி பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்று எழுதினான், தப்பு போட்டுவிட்டார்கள். அட்டை சொன்னதைத்தானே செய்தான்? பேசாமல் முழு அட்டையையும் மனப்பாடம் பண்ணச் சொல்லட்டுமா?”
— ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு தாய்

மனப்பாடம் வேண்டாம் அம்மா. பையன் யோசித்துத்தான் எழுதியிருக்கிறான். சரியான விடை 2, 8, 8, 1. அதே சமயம் அட்டையில் இருக்கும் 18 என்பதும் பொய் இல்லை. பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஷெல்களை மாடிகளாக வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் எப்போதும் கீழே எங்கே இடம் இருக்கிறதோ அங்கேதான் முதலில் போய் உட்காரும். முதல் மாடியில் 2 இடம், இரண்டாவதில் 8. மூன்றாவது மாடியில் 18 இடம் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே தளத்தில் இல்லை. 8 இடம் கூடத்தில் இருக்கிறது, மீதி 10 இடம் மேலே பரணில். அந்தப் பரண் நாலாவது மாடியின் வாசல்படியைவிடக் கொஞ்சம் உயரம். ஆர்கானோடு (18) கூடம் நிறைந்துவிட்டது: 2, 8, 8. அடுத்து வரும் பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான் பரணுக்கு ஏறுமா? ஏறாது. நாலாவது மாடி வாசலில் உட்காரும்: 2, 8, 8, 1. கால்சியத்தின் இருபதாவது எலக்ட்ரானும் அதன் பக்கத்திலேயே உட்காரும்: 2, 8, 8, 2. வாசலில் இருப்பதே இரண்டு இடம்தான். அதனால் 21-ஆவது ஸ்கேண்டியத்தில்தான் முதல் ஆள் பரணுக்கு ஏறுகிறான்: 2, 8, 9, 2. உங்கள் மகன் எழுதிய 9 அங்கே இருக்கிறது பாருங்கள். 30-ஆவது துத்தநாகத்துக்கு வரும்போது பரண் நிறைந்து 2, 8, 18, 2 ஆகிவிடும்.

பாடத்திட்டம் ஏன் சரியாக இருபதில் நிற்கிறது என்றால் இதற்காகத்தான். இருபது வரை ‘2, 8, 8, மீதி’ என்ற ஒரே கணக்கு ஓடும். இருபத்தொன்றில் உடையும். இதை ஒரு வகுப்பிலாவது வாய்விட்டுச் சொன்னால் என்ன? “சிலபஸில் இல்லை, கேட்காதே” என்பார்கள். பிள்ளை 2, 8, 9 எழுதினால் சிவப்பு மையால் ஒரு கோடு மட்டும் போடுவார்கள்.

வெறும் கதையாகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், அளந்து பார்த்திருக்கிறார்கள். பொட்டாசிய அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்க ஒரு மோலுக்கு 419 கிலோஜூல் போதும். இரண்டாவதைப் பிடுங்க 3052, அதாவது ஏழு மடங்குக்கும் மேல். ஒன்பது பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் இவ்வளவு வித்தியாசம் வராது. ஒருவன் தனியாக வெளியே இருக்கிறான், மற்றவர்கள் உள்ளே இறுக்கமாக இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

வேலன்சியையும் அட்டையில் தேடவேண்டாம், கடைசி எண்ணே சொல்லிவிடும். ஹீலியம் ஒன்றைத் தவிர, கடைசி எண் 1 முதல் 4 வரை இருந்தால் அதுவேதான் வேலன்சி. 5, 6, 7 என்றால் 8-இலிருந்து கழிக்கவேண்டும். 8 என்றால் பூஜ்யம். பொட்டாசியத்துக்குக் கடைசி எண் 1, வேலன்சியும் 1. குளோரின் (17) 2, 8, 7, அதற்கும் 1. ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் KCl, கரும்புத் தோட்டத்துக்கு மூட்டையில் வரும் பொட்டாஷ் உரம். மகன் சொன்ன 2, 8, 9 உண்மையாக இருந்தால் கடைசி எண் 9. அந்த மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று அவனையே கேளுங்கள், சிரித்துவிடுவான். பாஸ்பரஸ், கந்தகம் பக்கத்தில் அட்டையில் கூடுதலாக ஒன்றிரண்டு எண் போட்டிருக்கும். இப்போதைக்கு அதைத் தொடவேண்டாம்.

சரி, அட்டைக்குப் பதிலாக என்ன செய்வது? ஒரு தாளில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில் ஹைட்ரஜன், ஹீலியம். இரண்டாவதில் லித்தியம், பெரிலியம், போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், புளோரின், நியான். மூன்றாவதில் சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், ஆர்கான். நாலாவதில் பொட்டாசியம், கால்சியம். வரிசையாக 1 முதல் 20 வரை எண் போட்டால் அதுதான் அணு எண். எத்தனையாவது வரியோ அத்தனை ஷெல். இரண்டாவது, மூன்றாவது வரிகளில் இடமிருந்து வலமாக வேலன்சி 1, 2, 3, 4, 3, 2, 1, 0 என்று ஏறி இறங்கும். கற்றுக்கொள்ளவேண்டியது பெயர் வரிசை மட்டும்தான், அதிலும் பாதி அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இந்த அட்டைகள் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. ஒருமுறை ஒரு மாணவி கொண்டுவந்த பளபளப்பான பிளாஸ்டிக் அட்டையில் ஹீலியத்துக்கு வேலன்சி 2 என்று அச்சாகியிருந்தது. கடைசி எண் 2 என்பதால் அச்சடித்தவர் கண்ணை மூடிக்கொண்டு 2 போட்டிருக்கிறார். முதல் ஷெல்லே இரண்டோடு நிறைந்துவிடுவதால் ஹீலியத்துக்கு வேலன்சி பூஜ்யம். அந்தப் பெண் அதை டியூஷனில் கட்டாயத்தின்பேரில் வாங்கியிருந்தாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது அட்டை, எல்லாவற்றிலும் அதே தப்பு. விற்றவருக்கு அது உறுத்தவே இல்லை. உங்கள் மகனுடைய அட்டையிலும் முதலில் ஹீலியம் கட்டத்தைப் பாருங்கள். அங்கே 2 இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று. கேம்பிரிட்ஜ் வினாத்தாளின் கடைசிப் பக்கத்திலேயே தனிம அட்டவணை அச்சாகி வருகிறது. காசு கொடுத்து வாங்கவேண்டியதே இல்லை. எலக்ட்ரான் அமைப்பும் வேலன்சியும் அதில் இருக்காது, அவைதான் கேள்வி. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண் இருக்கும். மேலே இருப்பது அணு எண், கீழே இருப்பது அணு நிறை. எலக்ட்ரானை எண்ண மேலே இருப்பதைத்தான் எடுக்கவேண்டும். ஆர்கானின் நிறை 40, பொட்டாசியத்தின் நிறை 39. கீழே பார்த்து வரிசைப்படுத்தும் பிள்ளை இந்த இடத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடும். அப்புறம் நைட்ரஜன்: நம் ஊரில் பிரெஞ்சிலும் கிரியோலிலும் ‘அசோத்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை பரீட்சையில் A-இல் ஆரம்பிக்கும் சின்னத்தைத் தேடிக்கொண்டிருக்கும். சின்னம் N. பொட்டாசியத்துக்கு K. உர மூட்டையில் பெரிதாக NPK என்று போட்டிருப்பதைக் காட்டினால் மூன்று சின்னமும் மனதில் நின்றுவிடும்.

அடுத்த முறை அவன் பொட்டாசியம் எழுதும்போது பக்கத்திலேயே சோடியத்தையும் எழுதச் சொல்லுங்கள். சோடியம் 2, 8, 1. அதன் கீழே பொட்டாசியம் 2, 8, 8, 1. இரண்டின் கடைசி எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் எங்கேயோ எண்ணிக்கை பரணுக்கு ஏறிவிட்டது.