பூட்டிக் கிடந்த 240 வீடுகள்

கேள்வி: ஆலங்குளம் பக்கத்து ஊர்களில் 400 வீடுகளைக் குலுக்கலில் எடுத்து, எத்தனை வீட்டில் பீடி சுற்றுகிறார்கள் என்று கேட்டோம். 160 வீட்டில்தான் பதில் கிடைத்தது. மீதிக்குப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து 400 ஆக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பீடி சுற்றுகிற பெண்கள் மடியில் சுளவோடு பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார்கள். பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போனவர்களின் வீடு. நீங்கள் போன நேரத்தில் திறந்திருக்கும் பக்கத்து வீடும் பகலில் ஆள் இருக்கிற வீடுதானே? எண்ணிக்கை 400 ஆகும். கோணல் அப்படியே இருக்கும்.

பதில் குறைவு என்பதாலேயே முடிவு தப்பாகிவிடாது. பதில் சொன்னவர்களும் சொல்லாதவர்களும், நீங்கள் கேட்கிற விஷயத்தில் வேறுபட்டிருந்தால்தான் ஆபத்து. உங்கள் ஆய்வில் அந்த வேறுபாடு வர நிறையவே வாய்ப்பிருக்கிறது.

அதை அளந்துவிடலாம். 1946-இல் ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் சொன்ன வழி இது: 240 வீடுகளையும் துரத்த வேண்டாம். நான்கில் ஒன்றாக 60 வீட்டைக் குலுக்கி எடுத்து, அந்த 60-ஐ மட்டும் விடாமல் பிடியுங்கள். உதாரணத்துக்கு, முதலில் பதில் சொன்ன 160-இல் 96 வீடு, அதாவது 60 சதவீதம், பீடி சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 60-இல் 52 வீடு பதில் சொல்லி, 13 வீடுதான் சுற்றுகிறது என்றால் 25 சதவீதம். மொத்தத்தில் பதில் சொன்ன பகுதி 40 சதவீதம், சொல்லாதது 60. ஆக 0.40 × 60 + 0.60 × 25 = 39 சதவீதம். முதலில் கண்ட 60 எங்கே, இந்த 39 எங்கே! கடைசிவரை கிடைக்காத 8 வீடு இந்தக் கணக்கிலும் ஓட்டைதான். அறிக்கையில் அதையும் எழுதுங்கள்.

அந்த 60 வீட்டைப் பிடிக்க, ஒவ்வொரு முறை போனதையும் தேதி, நேரத்தோடு குறியுங்கள். பூட்டு, மறுப்பு, ஆள் குடியில்லாத வீடு மூன்றும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும். குடியில்லாத வீட்டை மொத்தத்திலிருந்தே கழித்துவிட வேண்டும். பகலில் பூட்டியிருந்த வீட்டுக்கு மறுபடியும் பகலில் போவதில் பயனில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை போய்ப் பாருங்கள். அம்மன் கோயில் கொடை விழா நடக்கிற வாரத்தில் அந்த ஊரை விட்டுவிடுங்கள்.

மறுப்புக்கு மருந்து வேறு. ‘வருமானம் சொன்னால் உரிமைத்தொகை நின்றுவிடுமோ’ என்ற பயம்தான் பல வீட்டு வாசலில் நிற்கும். இது அரசாங்கக் கணக்கெடுப்பு இல்லை, ரேஷன் கார்டு, ஆதார் எதுவும் கேட்க மாட்டோம் என்பதை ஒரு பக்கக் கடிதமாக இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். சிறு அன்பளிப்பு தருவதாக இருந்தால் கேள்விக்கு முன்பே கையில் கொடுங்கள்; பதில் சொன்னால் தருகிறோம் என்பது அவ்வளவு எடுபடாது. ஒரு தடவை வேண்டாம் என்றவரிடம் அன்றே வாதாடாமல், ஒரு வாரம் கழித்து வேறொரு ஆளை, முடிந்தால் ஒரு பெண்ணை, அனுப்புங்கள். இரண்டாம் முறையும் மறுத்தால் ‘மறுப்பு’ என்று எழுதி மூடிவிடுங்கள்.