திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு விலகுங்கள்

"சண்டை வந்தால் என் அப்பாவைப் போலவே நானும் நாள்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறேன். மனைவி அழுகிறாள். எப்படி நிறுத்துவது?"

வணக்கம் தம்பி. தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவன் நான். "சோறு வேணாம்னு உங்க அம்மாகிட்ட சொல்லு" என்று அப்பா சொல்வதை, இரண்டடி தள்ளி அமர்ந்திருந்த அம்மாவிடம் கொண்டுபோவதுதான் என் வேலை. பல ஆண்டுகள் கழித்து அதே சொற்களை என் மகளிடம் நானே சொன்னபோது திடுக்கிட்டுப் போனேன்.

இப்படி வாயடைத்துப் போவது பெரும்பாலும் உடல் பதறுவதால்தான் என்பதைத் தம்பதியரின் வாக்குவாதங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் விளக்கியிருக்கிறார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மனத்தில் ஏறாது. அது தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். ஆகவே விலகிப் போவது தவறில்லை, திரும்பும் நேரத்தைச் சொல்லாமல் போவதே தவறு. "எனக்குப் படபடப்பாக இருக்கிறது, எட்டரைக்கு வந்து பேசுகிறேன்" என்று பிள்ளை வழியாக அல்லாமல் மனைவியிடமே சொல்லிவிட்டு, காசிமேடு பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். வழியெல்லாம் அடுத்த பதிலை மனத்துக்குள் தயாரித்துக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது. முதல் சில முறை நான் தோற்றது அதனால்தான். மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

எட்டரைக்குப் பேச்சை நீங்களே தொடங்க வேண்டும். நேரம் தவறினால், அவருக்கு அதுவும் பழைய மௌனமாகவே தெரியும்.