42 எப்படி 56 ஆனது?

"மகள் இரண்டாம் படிவம். கணிதத்தில் 42. பட்டர்வொர்த்தில் ஒரு டியூஷன் நிலையம், தன்னிடம் 42 சராசரியோடு சேர்ந்தவர்கள் ஆண்டிறுதியில் 56 எடுத்ததாகச் சொல்கிறது. மாதம் 120 ரிங்கிட். நம்பலாமா?"

சகோதரி, அந்த 56 உண்மையாகவே இருக்கலாம். அது டியூஷனால் வந்ததா என்பதுதான் கேள்வி.

பிள்ளைகள் எப்போது அங்கே சேர்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு சோதனையில் சறுக்கிய மறுவாரம். வழக்கமாக 50 எடுக்கும் பிள்ளை, காய்ச்சலோடு எழுதியோ படிக்காத பாடத்தில் கேள்வி வந்தோ 42 வாங்கியிருப்பாள். டியூஷன் இல்லாவிட்டாலும் அடுத்த முறை 50 பக்கம் திரும்பியிருப்பாள். புள்ளியியலில் இதைச் 'சராசரி நோக்கிய பின்னடைவு' என்பார்கள். (மதிப்பெண் ஏறுவதற்குப் 'பின்னடைவு' என்று பெயர் வைத்தவரை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

ஆகவே நிலையத்தாரிடம் மட்டும் கேட்காதீர்கள், வகுப்பாசிரியரிடமும் கேளுங்கள். அதே சோதனையில் 40 முதல் 45 வரை எடுத்து, டியூஷன் போகாத பிள்ளைகள் ஆண்டிறுதியில் எவ்வளவு எடுத்தார்கள்? அவர்கள் சராசரி 52 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் டியூஷனின் பங்கு 14 அல்ல, அதிகம் போனால் 4. அந்த நாலிலும், பணம் கட்டிய பெற்றோர் வீட்டில் கூடுதலாகக் கண்காணித்ததன் பங்கு கலந்திருக்கும். மதிப்பெண் ஏறாமல் பாதியில் நின்றவர்களை நிலையம் கணக்கில் சேர்த்ததா என்பதையும் விசாரியுங்கள்.

முதலில் மகளின் பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். முன்பெல்லாம் 50க்கு மேல் என்றால் இப்போதைக்குக் காத்திருப்பேன். கடந்த மூன்று சோதனையிலும் நாற்பதுதான் என்றால் கதை வேறு. அது சறுக்கல் இல்லை, தானாகவும் ஏறாது.