ΔG° நேர்க்குறி என்றால் வினை நடக்காதா?

வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றமான ΔG°-இலிருந்து சமநிலை மாறிலி K-க்கும், K-இலிருந்து கலவைக்கும் எப்படிப் போவது? ஒரே வினையை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடலாம். நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடு பிரிந்து பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு ஆகும் வினை அது.

```
N2O4(g) ⇌ 2 NO2(g)
```

இந்த வினைக்கு 25°C-இல் ΔG° = +4.73 கிலோஜூல் வருகிறது. நேர்க்குறி என்றால் தன்னிச்சையாக நடக்காது என்றுதானே படித்தோம்? ஆனால் குடுவை பழுப்பாகத்தானே இருக்கிறது?

முதலில் கணக்கைச் சரிபார்ப்போம். உருவாதல் கட்டிலா ஆற்றல் NO2-க்கு 51.31, N2O4-க்கு 97.89. இரண்டு 51.31-இலிருந்து 97.89 போனால் 4.73. சரிதான்.

சிக்கல் அந்தச் சிறு வட்டக் குறியில் இருக்கிறது. ΔG° என்பது, இரண்டு வாயுக்களும் தலா 1 பார் பகுதி அழுத்தத்தில் இருக்கும் கலவைக்கு மட்டும் உரிய எண். அப்படி ஒரு கலவையை எடுத்துக்கொண்டால் NO2 சேர்ந்து N2O4 ஆகும் பக்கம்தான் வினை நகரும். நேர்க்குறி சொல்வது இவ்வளவுதான். உங்கள் குடுவையில் இருப்பதோ வேறு கலவை. அதற்கு வேண்டியது ΔG:

```
ΔG = ΔG° + RT ln Q = RT ln(Q/K)
```

Q என்பது, அந்தக் கணத்தில் NO2-இன் பகுதி அழுத்தத்தின் வர்க்கத்தை N2O4-இன் பகுதி அழுத்தத்தால் வகுத்தால் வருவது; சமநிலையில் அதன் மதிப்புதான் K. தூய N2O4-இல் தொடங்கினால் Q பூஜ்ஜியம். அதனால் முதல் துளி NO2 உருவாவதை எந்த ΔG° மதிப்பாலும் தடுக்க முடியாது. மொத்த அழுத்தம் 1 பாராக இருக்க, 1 சதவீதம் பிரிந்த நிலையில் Q சுமார் 0.0004. ΔG அப்போது −14.7 கிலோஜூல், அதாவது நன்றாகவே எதிர்க்குறி. பிரிய பிரிய Q ஏறும், ΔG பூஜ்ஜியத்தை நோக்கி வரும், அங்கே வினை நிற்கும். ஆகவே கேட்க வேண்டியது ‘நடக்குமா’ என்றல்ல, ‘எவ்வளவு தூரம்’ என்றுதான்.

K = 0.998 என்று எனக்கு வருகிறது. விடைத்தாளில் 0.148. எங்கே தவறு?

4.73-ஐ கிலோஜூலாகவே விட்டுவிட்டு, R-ஐ 8.314 ஜூலில் போட்டிருக்கிறீர்கள். 4730 ÷ (8.314 × 298.15) = 1.908. அதற்கு எதிர்க்குறி போட்டு e-இன் அடுக்காக்கினால் 0.148. எந்த வினைக்குப் போட்டாலும் K ஒன்றை ஒட்டியே வந்தால், அலகைத்தான் முதலில் பாருங்கள்.

K கிடைத்துவிட்டது. 1 மோல் N2O4-இல் தொடங்கினால் கடைசியில் எது எவ்வளவு இருக்கும்?

பிரிகை வீதம் α என்று வைத்துக்கொள்ளுங்கள். சமநிலையில் N2O4 1 − α மோல், NO2 2α மோல், மொத்தம் 1 + α மோல். இந்த மொத்தத்தை மறப்பவர்கள்தான் அதிகம். மோல் பின்னத்தை மொத்த அழுத்தம் P-ஆல் பெருக்கினால் பகுதி அழுத்தம். K-இன் கோவையில் இட்டுச் சுருக்கினால்:

```
K = 4α²P / (1 − α²)
α = √( K / (K + 4P) )
```

P = 1 பார் என்றால் α = 0.189. அதாவது N2O4 0.811 மோல், NO2 0.378 மோல், மொத்தம் 1.189. மோல் பின்னங்கள் 0.682, 0.318. விடையை அப்படியே விட்டுவிடாமல் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 0.318-இன் வர்க்கத்தை 0.682-ஆல் வகுத்தால் 0.148. சரி, பொருந்துகிறது.

பலர், K-இன் கோவையின் பகுதியில் இருக்கும் α²-ஐ ‘சிறியது’ என்று தள்ளிவிடுகிறார்கள். 1 பாரில் அப்படிச் செய்தால் 0.192 வரும், பாதகமில்லை. 0.1 பாரில் உண்மை விடை 0.520, தோராயம் தருவது 0.608. 0.03 பாரில் தோராயம் 1.11 என்கிறது, அதாவது இருப்பதைவிட அதிகமாகப் பிரிந்துவிட்டதாம்! இங்கே நேர்ச் சமன்பாடே எளிதாக இருக்கும்போது இந்தத் தோராயம் எதற்கு?

அதே கணக்கை மூடிய குடுவைக்குப் போட்டால் விடை மாறுகிறதே?

மாறத்தான் வேண்டும். மேலே சொன்னது பிஸ்டன் நகர்ந்து அழுத்தத்தை 1 பாராகவே வைத்திருக்கும் கலனுக்கு. கன அளவு மாறாத குடுவையில் N2O4-ஐ 1 பாரில் அடைத்தால், பிரிய பிரிய அழுத்தமும் ஏறும். அப்போது 4α²/(1 − α) = 0.148 என்ற இருபடிச் சமன்பாடு. α = 0.175, மொத்த அழுத்தம் 1.175 பார். எதிர்க்குறி மூலத்தை விட்டுவிடுங்கள். K இரண்டிலும் ஒன்றே, கலவைதான் வேறு. வினாவில் ‘மாறா அழுத்தம்’ என்றிருக்கிறதா ‘மாறா கன அளவு’ என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

10 பாரில் α = 0.06 என்று கண்டுபிடித்தேன். சரியா?

எண்கணிதம் சரி, வேதியியல் சரியில்லை. 1 வளிமண்டல அழுத்தத்தில் இந்தப் பொருளின் கொதிநிலை சுமார் 21°C. அதனால் 25°C-இல் அழுத்தத்தை 1 பாருக்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோனாலே திரவமாகத் தொடங்கிவிடும். 10 பாரில் வாயுச் சமன்பாட்டுக்கு வேலையில்லை. K-க்கு இது தெரியாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

100°C-இல் K வேண்டும். அதே 4.73-ஐப் போட்டு T-ஐ மட்டும் 373 ஆக்கலாமா?

கூடாது. அப்படிப் போட்டால் K = 0.22, α = 0.23 வரும். ஆனால் அடைத்த குழாயைக் கொதிநீரில் வைத்தால் பழுப்பு எவ்வளவு அடர்கிறது என்று பார்த்தவர் இந்த விடையை நம்பமாட்டார். (ஆய்வகத்தில் ஏற்கெனவே அடைத்த குழாயில் மட்டும் பாருங்கள், இது நச்சு வாயு.) ΔG°-உம் வெப்பநிலையோடு மாறும், இந்த வினையில் நிறையவே மாறும். ΔH° = 57.2 கிலோஜூல், ΔS° = 175.8 ஜூல்/கெல்வின். ஒரு மூலக்கூறு இரண்டாவதால் என்ட்ரோபி இவ்வளவு கூடுகிறது.

ΔG° = ΔH° − TΔS° என்று 373.15 கெல்வினில் போட்டால் சுமார் −8.4 கிலோஜூல், K = 15. 1 பாரில் α = 0.89. குறியே புரண்டுவிட்டது. ΔG° பூஜ்ஜியமாகும் இடம் 57200 ÷ 175.8, அதாவது 325 கெல்வின், சுமார் 52°C. அங்கே K = 1. ஆனால் 1 பாரில் α பாதி அல்ல, 0.447.

இதே இரு எண்களை வைத்து 25°C-க்குப் போட்டால் 4.73-க்குப் பதில் 4.79 வருவதைக் கவனித்திருப்பீர்கள். அட்டவணை மதிப்புகளின் முழுமையாக்கல் அது, K 0.145 ஆகும், அவ்வளவுதான். ஆனால் ΔG°-இல் 1 கிலோஜூல் பிழை இருந்தால் 25°C-இல் K ஒன்றரை மடங்கு தவறும், 5.7 கிலோஜூல் பிழை என்றால் பத்து மடங்கு. ΔH°, ΔS° இரண்டும் வெப்பநிலையோடு மாறாது என்று எடுத்துக்கொண்டதும் ஒரு தோராயமே. 100°C வரை அது தாங்கும். 150°C-ஐத் தாண்டினால் NO2-வே NO, O2 எனப் பிரியத் தொடங்கும், அப்போது ஒரே ஒரு α வைத்து எழுதிய இந்தச் சமன்பாடு போதாது.